அலைன்மென்ட் முடிந்த பின்னும் அணையாத விளக்கு: விசுவமடுவிலிருந்து வந்த ஓர் எக்ஸ்-ட்ரெயில்

மாரி மழை அரித்துவிட்ட கிரவல் வீதியொன்றில், இரவு நேரத்தில் மதகின் உடைந்த ஓரத்தை இடப்பக்கச் சில்லுகளால் மோதிய நிசான் எக்ஸ்-ட்ரெயில் ஒன்றைப் பற்றியது இந்த ஆய்வு. டி31 என்று அறியப்படும் தலைமுறையைச் சேர்ந்த அந்த வாகனத்தின் உரிமையாளர் விசுவமடுவில் நெற்செய்கையில் ஈடுபட்டிருப்பவர். மோதலில் முன் இடது ரை ரொட் என்ட் வளைந்துவிட்டதால், அவர் வாகனத்தை மெதுவாக ஓட்டிச் சென்று அதை மாற்றி, வவுனியாவில் ஓரிடத்தில் சில்லுகளின் கோணங்களைச் சரிப்படுத்தும் அலைன்மென்டும் செய்வித்திருந்தார். அலைன்மென்ட் முடிந்து ஏ9 வீதியால் வடக்கே திரும்பி வரும் வழியிலேயே SLIP, VDC OFF என்ற இரண்டு விளக்குகளும் எரியத் தொடங்கின. அன்றே திரும்பிச் சென்றபோது அங்கிருந்தவர்கள் ஸ்கானரால் குறியீட்டை அழித்துவிட்டார்கள். சில கிலோமீற்றர் ஓடியதும் விளக்குகள் மீண்டும் எரிந்தன. பின்னர் வேறொரு கராஜில் ஸ்டியரிங் கோண சென்சருக்குப் பூச்சியம் பதிந்து கொடுத்தார்கள். ஸ்கானரின் திரையில் பணி வெற்றி என்று காட்டியதை உரிமையாளரே பார்த்திருக்கிறார். அப்படியிருந்தும் வீதியில் ஓடியபோது விளக்குகள் மூன்றாம் முறையும் எரிந்ததால், வாகனம் கிளிநொச்சியிலுள்ள எமது கராஜுக்கு வந்து சேர்ந்தது.

ஏபிஎஸ் விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை என்பதை முதலில் கவனித்தோம். சில்லுகளின் வேக சென்சர்களில் ஒன்று மோதலில் பழுதாகியிருந்தால் ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்தே எரிந்திருக்கும். அது எரியாமல் மற்ற இரண்டு மட்டும் எரிந்ததால், வழமையான பிரேக்கும் ஏபிஎஸ்ஸும் இயங்குகின்றன என்றும், வண்டி சறுக்கும்போது தனித்தனிச் சில்லுகளைப் பிடித்து நேர்படுத்தும், VDC எனப்படும் உறுதிக் கட்டுப்பாடு மட்டும் தன்னை நிறுத்திக்கொண்டுள்ளது என்றும் கொள்ளலாம். உரிமையாளர் அதனால்தான் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. “தம்பி, பிரேக் நல்லாப் பிடிக்குது, லைட் அணைஞ்சால் காணும்” என்றார். ஆனால் பொழுதுபட்ட பின் தார் வீதியின் சூட்டுக்காக மாடுகள் வந்து படுத்துக் கிடக்கும் எங்கள் பகுதியில், திடீரென ஒடித்துத் திருப்ப வேண்டிய தேவை அடிக்கடி வரும். அந்த வேளையில் உதவுவது நிறுத்தப்பட்டுக் கிடந்த இந்தப் பகுதிதான்.

குறியீடு சொன்னது

ஏபிஎஸ் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருந்த குறியீடு C1143. இதே குடும்பத்தில் C1144 என்று இன்னொரு குறியீடும் உண்டு. இரண்டுக்குமிடையே உள்ள வேறுபாடு இந்த நிகழ்வில் முக்கியமானது. C1144 வந்தால், ஸ்டியரிங் கோண சென்சருக்கு நடுநிலைப் பூச்சியம் பதியும் பணி முடிக்கப்படவில்லை என்று பொருள். C1143 வந்தால், பதியப்பட்டிருக்கும் பூச்சியம் உண்மையான நடுநிலையிலிருந்து விலகியிருக்கிறது அல்லது சென்சரே பழுது என்று பொருள். முன்னையதற்குக் கலிப்ரேஷன் செய்வதே பரிகாரம். பின்னையதற்குக் கலிப்ரேஷனை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வதில் பயனில்லை. பூச்சியம் ஏன் விலகியது என்று முதலில் தேட வேண்டும். முந்தைய கராஜில் குறியீட்டின் எண்ணைக் கவனிக்காமல், “ஸ்டியரிங் சென்சர்” என்ற பெயரை மட்டும் பார்த்துக் கலிப்ரேஷன் செய்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

இந்தக் குறியீட்டைக் கைப்பேசியோடு இணைக்கும் மலிவான ரீடர்கள் பெரும்பாலும் காட்டுவதில்லை. அவை இயந்திரக் கட்டுப்பாட்டுப் பெட்டியை மட்டும் படித்து, பழுது ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடும். ஏபிஎஸ் பெட்டிக்குள் நுழைந்து நேரடித் தரவைக் காட்டக்கூடிய, அத்துடன் அந்தக் கம்பனியின் வாகனங்களுக்குரிய சிறப்புப் பணிகளையும் செய்யக்கூடிய ஸ்கானர் இந்த வேலைக்குக் கட்டாயம் தேவை.

வாகனம் எதை நம்ப மறுக்கிறது

சாரதி எந்தப் பக்கம் போக விரும்புகிறார் என்பதை உறுதிக் கட்டுப்பாடு ஸ்டியரிங் கோண சென்சரிலிருந்து அறிகிறது. வண்டி உண்மையில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை, உடலின் சுழற்சி வேகத்தை அளக்கும் சென்சரிலிருந்தும் பக்கவாட்டு விசையை அளக்கும் சென்சரிலிருந்தும் அறிகிறது. இரண்டும் ஒத்துப்போகும்வரை அது தலையிடாது. ஒத்துப்போகாவிட்டால் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும்: வண்டி சறுக்குகிறது, அல்லது ஒரு சென்சர் பொய் சொல்கிறது. நேர் வீதியில் நெடுநேரம் அமைதியாக ஓடும்போதும் அந்த முரண்பாடு நீங்காமல் இருந்தால், சறுக்கல் என்று கருத இடமில்லை. எனவே பெட்டி சென்சரைச் சந்தேகித்து, தவறான சில்லைத் தவறான நேரத்தில் பிடித்துவிடக் கூடாது என்பதற்காகத் தன்னை நிறுத்திக்கொள்கிறது. அது செய்வது சரியான வேலைதான்.

முரண்பாடு எவ்வளவு என்று பார்ப்பதற்காக, ஸ்கானரை இணைத்து நேரடித் தரவைத் திறந்துகொண்டு வீதிக்குப் போனோம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி நேராக ஓடிக்கொண்டிருந்தபோது ஸ்டியரிங் கோணம் வலப்புறமாக ஐந்தரைப் பாகையை ஒட்டி நின்றது. சுழற்சி வேகம் பூச்சியத்தை விட்டு அசையவில்லை. ஸ்டியரிங்கைக் கண்ணால் பார்த்தாலும் அதன் குறுக்குக் கை வலப்புறம் சற்றுச் சாய்ந்திருந்தது தெரிந்தது. இந்த வகை வாகனத்தில் ஸ்டியரிங் ஏறத்தாழ 16 பாகை திரும்பினால் முன் சில்லுகள் 1 பாகை திரும்பும் என்று எடுத்துக்கொண்டால், ஐந்தரைப் பாகைக்கு முன் சில்லுகள் மூன்றில் ஒரு பாகைக்குச் சற்று மேல் திரும்பியிருக்க வேண்டும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.63 மீற்றர் நீளமுள்ள வண்டி அந்த வேகத்தில் அந்தக் கோணத்துக்கு வினாடிக்கு ஒன்று முதல் இரண்டு பாகை வரை திரும்பும் என்று பெட்டி எதிர்பார்க்கும். அது உண்மையாயிருந்தால் பத்து வினாடிக்குள் வண்டி வீதியை விட்டு வயலுக்குள் இறங்கியிருக்கும். வண்டியோ நேராகப் போய்க்கொண்டிருக்கிறது. பெட்டி சென்சரை நம்ப மறுத்ததற்கு இந்த ஐந்தரைப் பாகையே காரணம்.

வீதியில் அளவெடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. எங்கள் வீதிகள் மழைநீர் வடிவதற்காக நடுவில் உயர்ந்தும் ஓரங்களில் தாழ்ந்தும் இருப்பதால், இடப்பக்கமாக ஓடும் வண்டி எப்போதும் இடப்புறம் வழுக்கப் பார்க்கும்; சாரதி தன்னையறியாமல் ஸ்டியரிங்கைச் சற்று வலப்புறம் பிடித்திருப்பார். போகும்போது ஒரு தடவையும் வரும்போது ஒரு தடவையும் அளந்து சராசரி எடுத்தால் இது கழிந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். காற்றின் தள்ளுதலை அப்படிக் கழிக்கலாம். சோளகம் வீசும் மாதங்களில் அது தேவையும்கூட. ஆனால் திரும்பி வரும்போதும் நாம் இடப்பக்கத்திலேயே ஓடுவதால், வீதியின் சரிவு இரு திசையிலும் ஒரே மாதிரியே இழுக்கும். சராசரியில் அது கழியாது. எனவே வாகனப் போக்குவரத்து இல்லாத காலை நேரத்தில், முன்னும் பின்னும் நெடுந்தூரம் தெரியும் உள்வீதியொன்றில், ஒருவர் வீதியையும் இன்னொருவர் திரையையும் பார்த்துக்கொள்ள, நடு உயரத்தின் இருபுறமும் சில்லுகள் இருக்கும்படி ஓட்டிப் பார்த்தோம். வலப்புறம் ஐந்தரைப் பாகை அப்போதும் மாறவில்லை. காற்றழுத்தம் நான்கு ரயர்களிலும் சரியாக இருந்ததையும், நான்கும் ஒரே அளவானவை என்பதையும் அதற்கு முன்னரே உறுதிசெய்திருந்தோம்.

சென்சரில் பழுது இல்லை என்பதை உறுதிசெய்தல்

சென்சரையே மாற்றிவிடலாம் என்ற எண்ணம் இந்த இடத்தில் வருவது இயல்பு. அது ஸ்டியரிங்குக்கு உள்ளே, எயார்பாக்குக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் சுருள் கேபிளோடு சேர்ந்தே இருப்பதால் செலவும் அதிகம். அதற்கு முன் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. வண்டி நிற்கும்போது, இயந்திரத்தை இயக்கி, ஸ்டியரிங்கை ஒரு முடிவிலிருந்து மறு முடிவுவரை மெதுவாகத் திருப்பியபடி திரையில் எண்ணைப் பார்க்க வேண்டும். எண் எங்கும் தாவாமல், தடைப்படாமல் சீராக ஏறி இறங்கினால் சென்சர் அளக்கிறது என்று கொள்ளலாம். அடுத்து, இரு முடிவுகளிலும் காட்டும் எண்களை ஒப்பிட வேண்டும். முடிவுகளைத் தீர்மானிப்பது ஸ்டியரிங் ரக்கின் உள்ளேயுள்ள தடுப்பு. ரை ரொட்டைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது மாறாது. எனவே இரு பக்க எண்களும் ஏறத்தாழச் சமமாக இருந்தால், சென்சரின் பூச்சியமும் ரக்கின் நடுவும் ஒன்றாகவே இருக்கின்றன. யாராவது ஸ்டியரிங்கைக் கழற்றி, அது நேராகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால், இரு பக்க எண்களும் கணிசமாக வேறுபடும். அப்படி மாட்டுவது எங்கள் பகுதியில் இன்னும் நடக்கிறது. சுருள் கேபிள் ஒரு பக்கம் இறுகி அறுந்து எயார்பாக் விளக்கும் எரிவதற்கு அதுவே வழிவகுக்கும்.

இந்த வாகனத்தில் எண் சீராக ஓடியது. இரு பக்கமும் சமமாக இருந்தது. ஆக, முந்தைய கராஜில் ஸ்டியரிங்கைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பதிந்த பூச்சியம் ரக்கின் நடுவோடு பொருந்தியிருக்கிறது. சென்சர் சொல்வது உண்மை. ஸ்டியரிங் நேராக இருக்கும்போது வண்டி நேராகப் போகவில்லை என்பதுதான் உண்மையான பழுது. ஸ்கானர் காட்டிய வெற்றிச் செய்தியின் பெறுமதியும் இவ்வளவே: அந்தக் கணத்தில் ஸ்டியரிங் நின்ற இடத்தைப் பெட்டி பூச்சியமாக எழுதிக்கொண்டது என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்த இடத்தில் வண்டி நேராகப் போகுமா என்பது நின்றுகொண்டிருக்கும் வண்டிக்குத் தெரியாது.

பின் சில்லு

உரிமையாளர் கொண்டுவந்த அலைன்மென்ட் அச்சுத்தாளில் முன் சில்லுகளுக்குரிய அளவுகள் மட்டுமே இருந்தன. அவை எல்லைக்குள்தான் இருந்தன. பின் சில்லுகளுக்குரிய கட்டங்கள் வெறுமையாக இருந்தன. முன் சில்லுகளை வண்டியின் நடுக்கோட்டுக்கு நேராக அமைத்துவிட்டு, பின் சில்லுகள் எந்தப் பக்கம் தள்ளுகின்றன என்பதைப் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள். மதகில் மோதியவை இடப்பக்கச் சில்லுகள் இரண்டும் என்று உரிமையாளர் சொல்லியிருந்ததால், எமது சந்தேகம் பின் இடது சில்லின் மீது விழுந்தது.

எம்மிடம் அலைன்மென்ட் இயந்திரம் இல்லை. இருந்தாலும் நூல் கட்டி அளக்கும் பழைய முறை இப்படியான ஒரு விடயத்தைக் கண்டுபிடிக்கப் போதும். மட்டமான சீமெந்துத் தரையில் வண்டியை நிறுத்தி, இரு பக்கமும் அச்சு உயரத்தில் நூலை இழுத்துக் கட்டினோம். முன் சில்லுகளின் நடுவிலிருந்து இரு பக்க நூல்களுக்கும் உள்ள தூரம் தம்முள் சமமாகவும், பின் சில்லுகளின் நடுவிலிருந்து உள்ள தூரம் அவ்வாறே தம்முள் சமமாகவும் இருக்க வேண்டும். முன் தூரமும் பின் தூரமும் ஒன்றுக்கொன்று சமமாக இருக்கத் தேவையில்லை. முன்னும் பின்னும் சில்லுகளின் அகல இடைவெளி ஒரே அளவாக இருப்பதில்லை. இதை மறந்து நூலை நான்கு சில்லிலும் ஒட்டியபடி கட்டினால் அளவு முழுவதும் பிழைத்துவிடும்.

பின் இடது றிம்மின் முன் விளிம்பு, பின் விளிம்பைவிட நூலிலிருந்து 6 மில்லிமீற்றர் கூடுதலாக உள்ளே இருந்தது. 17 அங்குல றிம்மின் வெளிவிளிம்புகளுக்கிடையே ஏறத்தாழ 470 மில்லிமீற்றர் இருப்பதால், அந்த 6 மில்லிமீற்றர் ஏறத்தாழ முக்கால் பாகைக்குச் சமம். பின் வலது றிம்மில் வேறுபாடு அரை மில்லிமீற்றரைத் தாண்டவில்லை. அதாவது ஒரு பாகையின் இருபதில் ஒரு பங்கு அளவே. பின் இடது சில்லு முக்கால் பாகை உள்நோக்கித் திரும்பியிருக்க, வலது சில்லு கிட்டத்தட்ட நேராக நின்றது.

இரண்டு பின் சில்லுகளும் சேர்ந்து வண்டியைத் தள்ளும் திசை அவற்றின் வேறுபாட்டின் பாதி. முக்கால் பாகையிலிருந்து அந்தச் சிறு அளவைக் கழித்து இரண்டால் வகுத்தால் 0.35 பாகை வருகிறது. இதைத்தான் அலைன்மென்ட் இயந்திரத்தில் திரஸ்ட் கோணம் என்று காட்டும். பின் அச்சு 0.35 பாகை வலப்புறமாகத் தள்ளினால், வண்டி நேர்கோட்டில் போவதற்கு முன் சில்லுகளும் அதே 0.35 பாகை வலப்புறம் நோக்க வேண்டும். அதை 16 ஆல் பெருக்கினால் ஸ்டியரிங்கில் 5.6 பாகை. வீதியில் திரை காட்டிய ஐந்தரைப் பாகையும் நூல் காட்டிய 6 மில்லிமீற்றரும் ஒரே பழுதை இரு முனைகளிலிருந்து காட்டின. இப்படி இரண்டு அளவுகள் தனித்தனியாக வந்து ஒன்றோடொன்று பொருந்தும்வரை நாம் எந்தப் பாகத்தையும் கழற்றவில்லை.

கழற்றிப் பார்த்தபோது பின் இடது சில்லைத் தாங்கிப் பிடிக்கும் கீழ் லிங்க் மெல்லிதாக வளைந்திருந்தது. மாட்டியிருந்த நிலையில் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைவு அது; வலப்பக்கத்து லிங்க்கையும் கழற்றி இரண்டையும் தட்டையான மேசையில் அருகருகே வைத்தபோதே புலப்பட்டது. மாற்றுவதற்கு வாங்கிய பாவித்த உதிரிப்பாகத்தையும் அதே மேசையில் வைத்துப் பார்த்தோம். பாவித்த லிங்க்குகள் பெரும்பாலும் மோதிய வண்டிகளிலிருந்தே வருகின்றன என்பதை நினைத்தால், இந்தச் சோதனை இல்லாமல் ஒன்றை மாட்டுவது துணிச்சல்தான்.

குறுக்கு வழிகள் இரண்டு

லிங்க்கை மாற்றாமலேயே விளக்கை அணைக்க இரண்டு வழிகள் இருந்தன. உரிமையாளருக்கு அவற்றை மறைக்காமல் சொன்னோம். ஒன்று, ஸ்டியரிங் ஐந்தரைப் பாகை சாய்ந்து வண்டி நேராகப் போகும் அந்த நிலையையே பூச்சியமாகப் பதிந்துவிடுவது. மற்றது, முன் ரை ரொட்டுகளை ஒரு பக்கம் கூட்டி மறுபக்கம் குறைத்து, ஸ்டியரிங் நேராக இருக்கும்போது முன் சில்லுகள் பின் அச்சு தள்ளும் திசையை நோக்கும்படி செய்வது. இரண்டிலும் ஸ்டியரிங் சென்சரும் சுழற்சி சென்சரும் ஒத்துப்போய்விடும். விளக்கு அணைந்தே இருக்கும். முதல் வழியில் ஸ்டியரிங் கண்ணுக்குச் சாய்ந்திருக்கும். இரண்டாவதில் அதுவும் தெரியாது.

இரண்டிலும் வண்டி மூக்கைச் சற்று இடப்புறம் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தபடிதான் ஓடும். பின் இடது ரயர் முக்கால் பாகை உரசிக்கொண்டே உருளும். மோதலில் வளைந்த லிங்க் அடுத்த குழியில் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது வழியை நான் முதலாவதைவிட மோசமானது என்றே கருதுகிறேன். ஏனெனில் பழுது இருந்த இடத்துக்கான அடையாளம் எதுவும் மிஞ்சாது, அடுத்து வண்டியைப் பார்ப்பவர் ரயர் ஏன் தேய்கிறது என்று தொடக்கத்திலிருந்து தேட வேண்டியிருக்கும். உரிமையாளர் லிங்க்கை மாற்றவே சம்மதித்தார்.

சரிசெய்தலும் பூச்சியம் பதிதலும்

மாற்றிய லிங்க்கின் போல்ட்டுகளை, வண்டி தூக்கியிருக்கும்போது இறுதியாக இறுக்கவில்லை. சில்லு தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ்ஷின் றப்பர் முறுகிய நிலையில் பூட்டப்பட்டு, வண்டியைக் கீழே இறக்கியதும் சில்லை இழுத்துக்கொண்டிருக்கும். அளவும் பிழைக்கும், றப்பரும் விரைவில் கிழியும். பாரம் நான்கு சில்லிலும் இறங்கிய பின்னரே இறுதி இறுக்கம் கொடுத்தோம். பிறகு நான்கு சில்லுகளையும் அளக்கும் இயந்திரமுள்ள இடத்துக்கு வண்டியை அனுப்பி, முதலில் பின் அளவுகளை எடுத்து, அந்தத் திரஸ்ட் கோட்டையே அடிப்படையாக வைத்து முன் சில்லுகளை அமைக்கும்படி கேட்டுக்கொண்டோம். வண்டியின் இயந்திரத்தை இயக்கி ஸ்டியரிங்கை இரு பக்கமும் சற்று அசைத்து நடுவில் நிற்கவிட்டு, அதன் பின்னரே ஸ்டியரிங் பிடிப்பானைப் பூட்ட வேண்டும் என்பதையும் சொல்லியனுப்பினோம்; பிடிப்பான் சாய்ந்து பூட்டப்பட்டால் மற்ற எல்லா அளவுகளும் பச்சையாக இருந்தும் ஸ்டியரிங் சாய்ந்தே வரும். திரும்பிவந்த அச்சுத்தாளில் பின் கட்டங்கள் நிரம்பியிருந்தன. திரஸ்ட் கோணம் 0.03 பாகையாகக் குறைந்திருந்தது.

வீதியில் நேராக ஓடும்போது ஸ்டியரிங் கோணம் இப்போது ஒரு பாகையைச் சுற்றியே நின்றது. தயாரிப்பாளரின் கையேடு நேர் ஓட்டத்தில் 0±2.5 பாகையை ஏற்றுக்கொள்வதால், இத்தோடு நிறுத்தியிருந்தாலும் விளக்கு எரிந்திருக்காது. ஆயினும் அலைன்மென்ட் சரிசெய்யப்பட்டால் நடுநிலைப் பூச்சியத்தைப் புதிதாகப் பதிய வேண்டும் என்று அதே கையேடு சொல்வதால், அந்தப் பணியையும் முடித்தோம்.

பணி சிறியது, ஒழுங்கு மாறக்கூடாது என்பதே முக்கியம். வண்டியை நேர்கோட்டில் சிறிது தூரம் ஓட்டிவந்து, ஸ்டியரிங்கைத் திருப்பாமல் அப்படியே மட்டமான இடத்தில் நிறுத்த வேண்டும். வந்து நின்ற பின் ஸ்டியரிங்கை “நேராக்குவது” கூடாது. முந்தைய கராஜில் கண்ணால் நேராக்கியதும் இந்த இடத்தில்தான். பின்னர் ஏபிஎஸ் பிரிவில் ST ANGLE SENSOR ADJUSTMENT என்ற பணியைத் தெரிந்து START அழுத்தி, ஸ்டியரிங்கைத் தொடாமல் ஏறத்தாழப் பத்து வினாடி காத்திருந்து END அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் ஒரு நிமிடமளவில் அது தானாக முடிந்துவிடும். அதன்பின் இக்னிஷனை அணைத்து மீண்டும் போட வேண்டும். இதைச் செய்யாமல் அடுத்த கட்டத்துக்குப் போவது, பதிந்தது உறுதியாகும் முன்னரே அதைச் சோதிப்பதாகும். மீண்டும் நேராகச் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, நேரடித் தரவில் ஸ்டியரிங் கோணம் 0±2.5 பாகைக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வாகனத்தில் அது அரைப் பாகைக்குள் வந்தது. இறுதியாக ஏபிஎஸ் பெட்டியிலும் இயந்திரப் பெட்டியிலும் உள்ள குறியீடுகளை அழித்து, இக்னிஷனை அணைத்தோம். பற்றரி தளர்ந்திருந்தால் இடையில் பெட்டிகள் ஒன்றோடொன்று தொடர்பு அறுத்துக்கொள்ளக்கூடும் என்பதால் சார்ஜரை இணைத்தே வைத்திருந்தோம்.

எங்கள் கராஜுகளில் அதிகம் வருவது சிறிய டொயோட்டாக்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டியரிங் கோணப் பூச்சியத்தைப் பெட்டியே ஓட்டத்தில் கற்றுக்கொள்ளும். மணிக்கு 35 கிலோமீற்றருக்கு மேல் நேராக ஐந்து வினாடி ஓட்டினால் போதும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த மெக்கானிக்குகள், “நேராக ஓட்டு, லைட் தானாகப் போகும்” என்று நிசானுக்கும் சொல்லிவிடுகிறார்கள். நிசானின் இந்த வகைக்குப் பூச்சியத்தை ஸ்கானர் மூலமே பதிய வேண்டும். எவ்வளவு தூரம் நேராக ஓட்டினாலும் பிழையான பூச்சியம் தானாகத் திருந்தாது. டொயோட்டாவிலும் சுழற்சி சென்சருக்கும் பக்கவாட்டு விசை சென்சருக்கும் உரிய பூச்சியம் வேறானது. அதைச் சரிவற்ற தரையில், வண்டி அசையாமல் நிற்கும்போது தனியாகப் பதிய வேண்டும். சரிந்த கிரவல் முற்றத்தில் அதைச் செய்துவிட்டு, ஸ்டியரிங் சென்சரைக் குறைசொல்பவர்களையும் பார்த்திருக்கிறோம்.

வாகனம் விசுவமடுவுக்கும் வவுனியாவுக்கும் இடையே தொடர்ந்து ஓடியும் விளக்குகள் திரும்பவில்லை. அடுத்த சேர்விஸுக்கு வந்தபோது ஏபிஎஸ் பெட்டியில் குறியீடு எதுவும் இல்லை. பின் இடது ரயரின் வெளி ஓரத்தில் பழைய உரசலின் தேய்மானம் சற்றுத் தெரிந்ததால், அதை முன்பக்கத்துக்கு மாற்றிப் போடலாமா, போட்டால் மீண்டும் பூச்சியம் பதிய வேண்டுமா என்று உரிமையாளர் கேட்டார். ரயர்களை இடம் மாற்றுவதற்கோ, அதே அளவான புது ரயர்கள் போடுவதற்கோ கோண சென்சரின் பூச்சியத்தைத் தொட வேண்டியதில்லை என்று கையேடே சொல்கிறது. ஸ்டியரிங் பாகங்களையோ சஸ்பென்ஷன் பாகங்களையோ கழற்றினால், அல்லது அலைன்மென்டை மாற்றினால், அப்போது பதிய வேண்டும். ரயரை இடம் மாற்றி, காற்றை நிரப்பிக் கொடுத்தோம்.